மூன்று டம்ளர் தண்ணீரும் நெஞ்சில் நிற்கும் சோறும்

புரையேறுவது வேறு, நெஞ்சில் அடைப்பது வேறு. புரையேறினால் இருமல் பிடுங்கும், கண்ணில் தண்ணீர் முட்டும், பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் தட்டி "யாரோ நெனைக்கிறாங்க" என்பார். மூச்சுக்குழாய்ப் பக்கம் ஒரு பருக்கை தவறிப் போனதால் வருவது அது. நெஞ்சில் அடைப்பவருக்கு இருமல் வராது. பேச முடியும், மூச்சு விட முடியும். ஆனால் விழுங்கியது உணவுக்குழாயில் பாதி வழியில் நிற்கும். அவர் மார்பின் நடுவில் கையை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அது இறங்குமா என்று பேசாமல் காத்திருப்பார். அரை நிமிடத்தில் இறங்கிவிட்டால் மறுபடி இலையில் கை வைப்பார். பக்கத்தில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையில் நான் நர்ஸாக இருக்கிறேன். வயதானவர்களுக்கு உணவு அடைத்தால் புற்றுநோயாக இருக்குமோ என்று எல்லோரும் உடனே பதறிக் கூட்டி வந்துவிடுகிறார்கள். இருபது வயதுப் பையனுக்கு அடைத்தால் மட்டும் "அவசரமா முழுங்குறான்", "கேஸ் தொந்தரவு" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பையனுக்குச் சின்ன வயதில் வீசிங்கோ கரப்பானோ இருந்திருந்தால், அது ஒரு குறிப்பிட்ட நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் பெயர் ஈசினோஃபிலிக் ஈசோஃபேஜைடிஸ். அலர்ஜியால் உணவுக்குழாய் உள்ளே வீங்கிப் புண்படுகிற நோய் என்று வைத்துக்கொள்ளலாம். தனி நோயாக மருத்துவ உலகம் இதை அடையாளம் கண்டதே 1990களின் தொடக்கத்தில்தான். மேலை நாடுகளைவிட நம் நாட்டில் குறைவாகப் பதிவாகிறது என்பது உண்மை. தேடாததால் தவறவிடுகிறோம் என்பதும் உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வயது 22, பாபநாசத்துக்குப் பக்கம் கிராமம், சென்னையில் வேலை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்தவனுக்கு இரவு எட்டரை மணிக்கு ஆட்டுக்கறித் துண்டு ஒன்று அடைத்துக்கொண்டது. மீன் முள் சிக்கினால் என்ன செய்வோமோ அதையே செய்திருக்கிறார்கள். பெரியம்மா வெறும் சோற்றை உருட்டி, "மெல்லாம முழுங்குடா" என்று கொடுத்திருக்கிறார். அது கறிக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. இரவு பதினொன்றேகாலுக்கு எங்களிடம் வரும்போது மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை அதில் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தான்.

அந்தத் தூக்குதான் முக்கியமான அடையாளம். சொந்த எச்சிலையே விழுங்க முடியவில்லை என்றால் குழாய் முழுசாக அடைத்திருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கூடிய சீக்கிரம், அதிகம் போனால் 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். எச்சில் இறங்குகிறது, ஆனால் துண்டு மட்டும் நிற்கிறது என்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு. அதுவும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இதற்கு நடுவில் சோற்று உருண்டை, வாழைப்பழம், சொம்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது அதைவிட ஆபத்து. இந்த நோய் உள்ளவர்களின் உணவுக்குழாய் உள்தோல் நனைந்த காகிதம் மாதிரி கிழியக் கூடியது. அடைத்த குழாயின் மேல் பலமாகக் குமட்டினால் குழாயே ஓட்டையாகிவிடலாம்.

துண்டை எடுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அது வெளியே வந்ததும் வீட்டார் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! பலருடைய கதை அந்த இடத்தில்தான் முடிந்துபோகிறது. இவனுக்கே இரண்டு வருடம் முன்பு வேறொரு இடத்தில் அப்படித்தான் முடிந்திருந்தது. அப்போது பரோட்டா. போய்ச் சேர்வதற்குள் தானாக இறங்கிவிட்டது. கேஸுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பரோட்டா ஏன் அங்கே நின்றது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

எங்கள் டாக்டர் கேட்டார். ஆனால் "விழுங்கக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "இல்ல சார்" என்பார்கள், பொய்யும் இல்லை. பத்து வருடமாக ஒரே மாதிரிச் சாப்பிடுபவருக்கு அது கஷ்டமாகவே தெரியாது. அதனால் டாக்டர் பையனின் அம்மாவிடம், "பந்தியில உக்காந்தா இவன் எத்தனாவது ஆளா எழுந்திருப்பான்?" என்று கேட்டார்.

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "கடைசிதான் சார். பத்தாவது படிக்கிறப்பலேந்தே அப்படித்தான். சோறு வச்சா பக்கத்துல மூணு டம்ளர் தண்ணி வேணும் அவனுக்கு. ரசம் ஊத்தி, கையால நல்லாப் பிசைஞ்சு, கூழா ஆக்கிட்டுத்தான் சாப்புடுவான். எல்லாரும் குழந்தைன்னு கேலி பண்ணுவாங்க."

நோய் அந்தப் பதிலில்தான் இருந்தது. உள்ளே குழாய் மெல்ல மெல்லச் சுருங்கும்போது உடம்பு தானாக வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. சின்னச் சின்ன வாய், நெடுநேரம் மெல்லுவது, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர், சப்பாத்தி கறி போன்றவற்றை "பிடிக்கல" என்று ஒதுக்குவது, பெரிய மாத்திரையை உடைத்து விழுங்குவது என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். எதுவும் நோயின் அறிகுறி மாதிரித் தெரியாது. அவன் சுபாவம் அது என்று வீட்டில் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

இதில் நம் டெல்டா சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு. குழைய வடித்த அரிசிச் சோறு, அதில் குழம்பு, அப்புறம் ரசம், கடைசியில் மோர் விட்டுப் பிசைந்த சாதம். காலையில் பழையது அல்லது சாம்பாரில் ஊறிய இட்லி. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை எல்லாமே வழுக்கிக்கொண்டு இறங்குகிற சாப்பாடு. அரைவாசி சுருங்கிய குழாயில்கூட இது போய்விடும். வீட்டில் இருக்கும்வரை நோய் வெளியே தெரியாது. வெளியூர் ஹாஸ்டலுக்கோ மெஸ்ஸுக்கோ போய், காய்ந்த சப்பாத்தியும் பரோட்டாவும் கோழிக்கறியும் தினம் சாப்பிடும்போது, அதுவும் பத்து நிமிட இடைவேளையில் அள்ளிப் போட்டுக்கொள்ளும்போதுதான் மாட்டுகிறது. "மெட்ராஸ் போனதுலேந்துதான் இப்படி" என்று வீட்டார் சொல்வார்கள். மெட்ராஸ் போனது தப்பில்லை. அங்கே ரசம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? ஈஸ்னோபீலியா என்ற சொல் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தூசி பட்டால் தும்மல், இரவில் இருமல், ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் கூடுதல் என்றால் அப்படித்தான் சொல்வோம். ஈசினோஃபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அலர்ஜிக்கும் வயிற்றுப் புழுவுக்கும் எதிராக உடம்பு அனுப்புகிற ஆள். குடலில் சாதாரணமாகவே கொஞ்சம் இருக்கும். உணவுக்குழாயின் உள்தோலில் மட்டும் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அலர்ஜி உடல்வாகு உள்ள சிலருக்கு, தினம் சாப்பிடும் ஏதோ ஒரு உணவின் புரதத்தை அந்த உள்தோல் எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அது கூப்பிட, இந்த அணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அவை கக்கும் பொருட்கள் தோலைப் புண்ணாக்குகின்றன. புண் ஆறும்போது தழும்பு விழும். வருடக் கணக்கில் புண்ணும் தழும்புமாகவே போனால், ரப்பர் மாதிரி விரிய வேண்டிய குழாய் விறைத்துப்போய்க் குறுகிவிடும்.

எவ்வளவு நாள் விட்டோம் என்பதுதான் இங்கே கணக்கு. சுவிட்சர்லாந்தில் 200 நோயாளிகளைப் பார்த்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறிகுறி தொடங்கி 2 வருடத்துக்குள் கண்டுபிடித்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குத்தான் குழாய் குறுகியிருந்தது. 20 வருடத்துக்கு மேல் விட்டவர்களில் அது 71 சதவீதம். கேஸ் மாத்திரையோடு கழிந்த இரண்டு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

ரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கையைப் பார்த்து இந்த நோயைச் சொல்லிவிட முடியாது. உணவுக்குழாயில் குவிந்திருப்பவருக்கும் ரத்தத்தில் சாதாரணமாக இருக்கலாம். அதே நேரம் நம் பக்கம் புழுத் தொல்லை, யானைக்கால் கிருமி, மூக்கு அலர்ஜி என எத்தனையோ காரணத்தால் ரத்தத்தில் கூடியிருக்கலாம். இந்தப் பையனுக்கும் பள்ளிக்கூட நாளில் ஈஸ்னோபீலியா என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் வீட்டுக்குள்ளேயே தும்மிக்கொண்டிருப்பானாம். முழங்கை மடிப்பில் கரப்பான் இருந்த கறுப்புத் தடம் இன்னும் தெரிந்தது. இதெல்லாம் சந்தேகப்படக் காரணம் தருமே தவிர, உறுதிப்படுத்தாது. உறுதிப்படுத்த ஒரே வழி, உணவுக்குழாயிலிருந்தே சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதுதான்.

டியூப் விட்டுப் பார்க்கும்போதே பல சமயம் கண்ணுக்குத் தெரியும். பளபளவென்று இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சுவரில், நீளவாக்கில் ஏர் ஓட்டின மாதிரி கோடுகள் ஓடும். குறுக்கே வளையம் வளையமாகத் தெரியும். அங்கங்கே தயிர்த் துளி தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இவனுக்குக் கோடும் வளையமும் இரண்டுமே இருந்தன. ஆனால் சிலருக்கு எதுவும் தெரியாமல் சுவர் சுத்தமாகவே இருக்கும். அப்போது "நார்மல்" என்று எழுதிவிட்டால் நோய் நழுவிவிடும்.

இன்னொரு ஏமாற்றமும் இதில் இருக்கிறது. நாங்கள் வழக்கமாக உள்ளே விடும் எண்டோஸ்கோப்பின் பருமன் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். குழாயின் உள்விட்டம் 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே, கெட்டியான உணவு நிற்கத் தொடங்கிவிடும். அதாவது 12 மில்லிமீட்டருக்குச் சுருங்கிய குழாயில் எங்கள் கருவி தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், கறித்துண்டு போகாது. "டியூப் நல்லாப் போச்சு, அடைப்பு எதுவும் இல்ல" என்று சொன்னார்கள் என்றால், அது கருவிக்கு அடைப்பு இல்லை என்றுதான் அர்த்தம்.

அதனால்தான் சுவர் எப்படித் தெரிந்தாலும் சதை எடுக்க வேண்டும். ஒன்று இரண்டு போதாது. இந்த அணுக்கள் குழாய் முழுக்கச் சீராகப் பரவியிருக்காது, திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். மேலும் கீழும் சேர்த்துக் குறைந்தது ஆறு துண்டு எடுக்க வேண்டும். இவனுக்குக் கறியை எடுத்த அதே இரவில் மேலே மூன்று, கீழே மூன்று எடுத்தார் டாக்டர். ஒவ்வொன்றும் கடுகளவு. ஃபார்மலின் உள்ள இரண்டு சின்னக் குப்பிகளில் தனித்தனியாகப் போட்டு, எது மேல் எது கீழ் என்று எழுதி ஒட்டினேன். மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்குள் 15 அல்லது அதற்கு மேல் ஈசினோஃபில் இருந்தால் இந்த நோய்தான் என்று சொல்லலாம், வேறு காரணங்களை ஒதுக்கிவிட்ட பிறகு. இவனுக்கு 42 இருந்தது.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அம்மா என்னிடம் தனியாக வந்து கேட்டார், "புத்துநோயா சிஸ்டர்?" இல்லை. இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் போய்விடுகிற நோயும் இல்லை. ஆஸ்துமா மாதிரி, அடக்கி வைத்துக்கொண்டு வாழ வேண்டியது.

இளவயதில் அடைக்கிறது என்றாலே இதுதான் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. ரத்தசோகை உள்ள சில பெண்களுக்குத் தொண்டைக்குக் கீழே மெல்லிய ஜவ்வு வளர்ந்து அடைக்கும், அதற்கு இரும்புச்சத்துதான் முதல் மருந்து. தண்ணீர், சோறு இரண்டுமே முதலிலிருந்தே நிற்கிறது என்றால் குழாயின் தசை வேலை செய்யாத வேறு நோயை யோசிக்க வேண்டும். அலர்ஜியால் வருவதில் தண்ணீர் போய்விடும், கெட்டியானது மட்டும்தான் நிற்கும்.

"எந்தச் சாப்பாடு ஒத்துக்கலன்னு அலர்ஜி டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாமா?" என்பது அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி. கையில் வரிசையாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் ரத்தத்தில் பார்ப்பதும், இறால் சாப்பிட்ட அரை மணியில் உடம்பெல்லாம் தடிக்கிறதே, அந்த மாதிரி உடனடி அலர்ஜியைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். உணவுக்குழாயில் நடப்பது வேறு வழியில், நாள் கணக்கில் மெல்ல நடப்பது. டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்த உணவே காரணமாக இருக்கலாம். டெஸ்ட்டில் வந்த பத்து உணவையும் நிறுத்திப் பட்டினி கிடந்தவருக்குக் கொஞ்சமும் குறையாமலும் இருக்கலாம். அதே மாதிரி, தும்மலுக்குப் போடும் அலர்ஜி மாத்திரை இதைத் தொடுவதில்லை.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? நிறுத்திப் பார்த்து, மறுபடி டியூப் விட்டு எண்ணுவதுதான். காரணப் பட்டியலில் அடிக்கடி மேலே வருவது பால், அடுத்து கோதுமை. முன்பு பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகை, மீன் வகை என ஆறையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொல்வார்கள். அமெரிக்காவில் பெரியவர்களிடம் செய்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆறையும் நிறுத்தியவர்களில் 40 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான் என்பதால் பாலிலிருந்து தொடங்குவது நியாயமாகப் படுகிறது.

பாலை நிறுத்துவது என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. காலை காப்பியோடு முடிகிற விஷயம் இல்லை. தயிரும் மோரும் பால்தான். புளித்துவிட்டால் புரதம் காணாமல் போய்விடாது. நெய்யிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். பிஸ்கட், ரொட்டி, கடை இனிப்பு எல்லாவற்றிலும் பால் பவுடர் இருக்கும். "தயிர் இல்லாம எப்படி சிஸ்டர் சோத்த முடிக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். வீட்டில் இருப்பவராக இருந்தால் தேங்காய்ப்பால், சுக்குக் காப்பி என்று ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டிவிடலாம். மெஸ்ஸில் சாப்பிடுகிற பையனுக்கு அது நடக்காது. அதனால் மருந்து வழியே போகலாம் என்று டாக்டரும் அவனும் பேசி முடிவெடுத்தார்கள்.

முதலில் கொடுத்தது ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம், காலையும் மாலையும், 8 வாரம். அசிடிட்டிக்குப் போடும் அதே மாத்திரைதான். இந்த நோயில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதுவே ஈசினோஃபிலைக் குறைத்துவிடுகிறது. ஆனால் தினம் இரண்டு வேளை, இரண்டு மாதம் போட வேண்டும். அடைத்த அன்று ஒன்று போட்டுப் பார்ப்பது வேறு. 8 வாரம் கழித்து வந்தவன் பரவாயில்லை என்றான். திரும்ப எடுத்த சதையில் 35 இருந்தது. இந்த நோயில் நோயாளி சொல்வதை மட்டும் நம்ப முடியாததற்கு அதுதான் காரணம். அவன் பொய் சொல்லவில்லை. மெதுவாகச் சாப்பிடப் பழகியவன், பயத்தில் இன்னும் மெதுவாகச் சாப்பிட்டிருக்கிறான்.

அடுத்தது புடசோனைடு. வீசிங்குக்கு நெபுலைசரில் ஊற்றுகிறோமே, அந்தச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிதான். மூச்சில் இழுக்காமல் விழுங்க வேண்டும். தண்ணீர் மாதிரி இருந்தால் ஒரே ஓட்டமாக வயிற்றுக்குப் போய்விடும் என்பதால் தேனில் குழைத்துக் கெட்டியாக்கி, உணவுக்குழாய்ச் சுவரில் பூசிக்கொண்டே இறங்கும்படிச் செய்கிறோம். இவனுக்கு 1 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை. ஒரு கிண்ணத்தில் நானே கலக்கிக் காட்டினேன். கரண்டியைத் தூக்கினால் நூலாக வடிய வேண்டும், சொட்டக் கூடாது. விழுங்கியபின் வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பிவிட்டு அரை மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. குடித்தால் பூசியது கழுவிப் போய்விடும், கொப்பளிக்காவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். ராத்திரி மருந்தைப் படுக்கப் போகும்போது எடுக்கச் சொன்னோம்.

12 வாரம் கழித்து மூன்றாவது தடவை டியூப் விட்டபோது ஏர்க்கோடுகள் மங்கியிருந்தன. எண்ணிக்கை 3. குழாயும் கொஞ்சம் இளகியிருந்தது, பலூன் வைத்து விரிக்க வேண்டிய தேவை வரவில்லை. தழும்பு முற்றிப்போனவர்களுக்கு அது தேவைப்படும். ஒரே நாளில் முழுசாக விரிக்காமல், சில வாரத்துக்கு ஒரு தடவை ஓரிரு மில்லிமீட்டராக விரிப்பார்கள். இரண்டு நாள் நெஞ்சு வலிக்கும். விரித்தால் வழி கிடைக்குமே தவிர அலர்ஜி அடங்காது, மருந்தோ பத்தியமோ கூடவே ஓட வேண்டும்.

நன்றாக இருக்கிறதே என்று நாலு மாதத்தில் அவனாகவே மருந்தை நிறுத்திவிட்டான். எங்களிடம் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அம்மாதான் போன் செய்தார்.

"சிஸ்டர், இவன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான். நல்லாருக்கேங்குறான். ஆனா மறுபடி மூணு டம்ளர் தண்ணி ஆயிருச்சு."

அந்த வாரமே வரச் சொன்னோம். சதையில் 28 இருந்தது. அன்று மாலையே தேனும் குப்பியும் மறுபடி தொடங்கின, இந்தத் தடவை நிறுத்தும் தேதி எழுதாமல்.